குழுவில் வந்தது எங்கே போனது?

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, பொள்ளாச்சிப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் நண்பர் கூப்பிட்டார். "அண்ணா, மட்டையெல்லாம் கருப்பா படிஞ்சு கெடக்குதுங்க. கடைக்காரரு மருந்து எழுதிக் குடுத்துட்டாரு. காலைல அடிக்க ஆள் வர்றாங்க. குழுவுல முன்னாடி எதோ வந்துச்சே, மருந்து அடிக்க வேண்டாம்னு. தேடித் தேடிப் பாக்கறேன், கிடைக்க மாட்டேங்குதுங்க" என்றார்.

சுருள் வெள்ளை ஈ. 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் தலைகாட்டியதிலிருந்து நம்மை விடாத பூச்சி. இதற்கு ரசாயன மருந்து அடித்தால், ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவியும் சேர்ந்து செத்துப்போகும். பிறகு ஈ இன்னும் பெருகும். இதை விளக்கி வேளாண் அலுவலர் ஒருவர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பி.டி.எஃப். போட்டிருந்தார். நண்பர் அதைத் தேடி விரலால் மேலே தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு மணி நேரம் தள்ளியும் நான்கு மாதத்தைத் தாண்டவில்லை. நூற்றுக்கணக்கான காலை வணக்கங்கள் குறுக்கே நின்றன.

தகவல் குழுவில்தான் இருந்தது. தேடும் வழிதான் தவறு. நீங்களும் இப்படித் தேடுகிறவராக இருந்தால், இந்த வழியைப் பாருங்கள்.

குழுவைத் திறந்து, மேலே உள்ள குழுவின் பெயரைத் தொடுங்கள். குழு விவரம் திறக்கும். சற்றுக் கீழே Media, links, and docs என்று ஒரு வரி இருக்கும். உங்கள் போன் தமிழில் இருந்தால் இதே இடத்தில் தமிழில் இருக்கும். அதைத் தொட்டால் மூன்று பிரிவுகள் தெரியும். Media பிரிவில் படங்களும் வீடியோக்களும், Docs பிரிவில் பி.டி.எஃப். போன்ற கோப்புகளும், Links பிரிவில் இணைய இணைப்புகளும் இருக்கும். காலை வணக்கப் படங்கள் எல்லாம் Media பிரிவிலேயே நின்றுவிடும். அதனால் Docs பிரிவு எப்போதும் சிறியதாகவே இருக்கும். புதியது மேலே, பழையது கீழே.

நண்பரை Docs பிரிவைத் திறக்கச் சொன்னேன். "பேரே இல்லீங்க, வெறும் நம்பரா இருக்குது" என்றார். அங்கேதான் பலர் திரும்பிவிடுகிறார்கள். DOC-20240614-WA0012 என்று ஒரு கோப்பு இருந்தால், நடுவில் உள்ள எட்டு இலக்கம் தேதி: 2024-ம் ஆண்டு, 6-ம் மாதம், 14-ம் நாள். கோப்பு பலர் கைமாறி வந்திருந்தால் அது வேறொருவர் போனுக்கு வந்த நாளாகவும் இருக்கலாம். ஆனாலும் காலத்தைக் கணிக்க அது போதும். கோடையில் ஈ அதிகமாக இருந்தபோது வந்தது என்று நண்பருக்கு ஞாபகம் இருந்தது. அந்த மாதங்களின் கோப்புகள் ஐந்தைத் திறந்தார். மூன்றாவது அதுதான்.

அதில் இருந்தது எளிய முறை. விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டும் பொறிகளைத் தோப்பில் கட்ட வேண்டும். மட்டையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டும். கரும்பூசணம் படிந்த மட்டைகளுக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா கலந்து காய்ச்சிய பசையை ஆறவைத்துத் தெளிக்க வேண்டும். காய்ந்ததும் பசையோடு கருப்பும் உதிரும். நண்பர் அன்று இரவே மருந்து அடிக்கும் ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அடுத்து அவருக்கு வேண்டியிருந்தது ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகும் வழி. அதுவும் குழுவில் வந்ததுதான். ஆனால் மூன்று பிரிவிலும் இல்லை. இதைத் தெரிந்துகொள்வது அவசியம். ஒருவர் கூகுள் மேப் இணைப்பை ஒட்டியிருந்தால் அது Links பிரிவில் இருக்கும். வாட்ஸ்அப்பிலேயே இடத்தைக் குறித்து அனுப்பியிருந்தாலோ, முகவரியைத் தட்டச்சு செய்திருந்தாலோ இந்தப் பிரிவுகளில் வராது. அதற்குக் குழுவின் மேல் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, Search என்பதில் சொல்லைப் போட்டுத் தேட வேண்டும். 'ஆழியாறு' என்று தேடினார், வரவில்லை. 'Aliyar' என்று தேடியதும் வந்தது. நம் ஆட்கள் தமிழிலும் எழுதுவார்கள், ஆங்கில எழுத்திலும் எழுதுவார்கள். இரண்டிலும் தேடுங்கள்.

சில நேரம் கோப்பு கண்ணில் படும், ஆனால் திறக்காது. வந்தபோது பதிவிறக்காமல் விட்டிருந்தால், நாள் கடந்தபின் அது இறங்காமல் போகலாம். போனில் இடம் இல்லை என்று நீங்களே அழித்திருந்தாலும் திறக்காது. இரண்டுக்கும் ஒரே வழி, அனுப்பியவரிடம் மீண்டும் கேட்பதுதான். பெயரும் தேதியும் இப்போது உங்களிடம் இருப்பதால், 'அந்த பி.டி.எஃப். யாரிடமாவது இருக்கா' என்று பொதுவாகக் கேட்க வேண்டியதில்லை. குழுவில் செய்திகள் 7 நாளிலோ 90 நாளிலோ மறையும்படி வைத்திருந்தால், அதன்பின் தேடிப் பயனில்லை. நீங்கள் குழுவில் சேர்வதற்கு முன் வந்தவையும் பொதுவாக உங்கள் போனில் இருக்காது; பழைய உறுப்பினரைத்தான் கேட்க வேண்டும்.

தேடுகிறவர் மீது மட்டும் பொறுப்பைப் போடுவது சரியல்ல. குழு நடத்தும் அலுவலர்களிடமும் முன்னோடி விவசாயிகளிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. சுற்றறிக்கையைப் போட்டோ எடுத்து, ஒரு வார்த்தையும் எழுதாமல் போடுகிறீர்கள். அது Media பிரிவில் ஆயிரம் படங்களுக்கு நடுவே போய்ச் சேருகிறது. ஐந்து நிமிடக் குரல் பதிவில் விதை கிடைக்கும் முகவரியைச் சொல்கிறீர்கள். குரலுக்குள் இருக்கும் முகவரியைச் சொல்லைப் போட்டுத் தேட முடியாது. அனுப்புகிறவருக்கு மிச்சமாவது அரை நிமிடம். ஆறு மாதம் கழித்து, அவசரத்தில் இருக்கும் விவசாயிக்கு அது ஒரு மாலைப் பொழுது. சில நேரம் ஒரு தவறான மருந்தும்கூட.

நான் கேட்பது மூன்றுதான். கோப்பை அனுப்பும் முன் 'தென்னை வெள்ளை ஈ 2024' என்பதுபோல் பெயர் மாற்றுங்கள். படத்துக்குக் கீழே பயிர், பூச்சி, ஊர் பெயரை ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி தேடலில் கிடைக்கும். நெடுநாள் தேவைப்படுவதை வெறும் இணைப்பாக மட்டும் அனுப்பாதீர்கள். Links பிரிவில் இருப்பது முகவரி மட்டுமே. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால், தொட்டாலும் ஒன்றும் வராது. பி.டி.எஃப். இறக்கி வைத்தவர் போனிலேயே இருக்கும்.

வாசகர்களுக்கும் ஒன்று. பழையது கிடைத்துவிட்டது என்பதற்காக அப்படியே பயன்படுத்த வேண்டாம். மானிய விண்ணப்பப் படிவமும் கடைசித் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். அன்று சிபாரிசு செய்த மருந்துக்கு இன்று தடை இருக்கலாம். கோப்பின் தேதியைப் பார்த்து, 'இது இப்பவும் பொருந்துமா' என்று அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நண்பரும் மறுநாள் காலை அதைத்தான் செய்தார். "பொருந்துங்க, பொறியை மட்டும் உடனே கட்டிருங்க" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை விரலால் அழுத்திப் பிடித்து, நட்சத்திரக் குறியைத் தொட்டு வைத்திருக்கிறார். அடுத்த கோடையில் என்னைக் கூப்பிட வேண்டியிருக்காது.