மூவாயிரத்து ஐந்நூறும் ஐம்பதாயிரமும்

போன வாரம் மாப்பிள்ளை சென்னையிலிருந்து ஃபோன் செய்தார். அவருக்கு வயது 30. "மாமா, பத்து லட்சத்துக்கு இன்சூரன்ஸ், 20 வருஷத்துக்கு. ஒருத்தர் வருஷத்துக்கு 3,500 ரூபாய் கேக்குறார், இன்னொருத்தர் 50,000 கேக்குறார். இதுல யார் ஏமாத்துறாங்க?" என்றார்.

யாரும் ஏமாற்றவில்லை. முதலாவது டெர்ம் பாலிசி, இரண்டாவது எண்டோமெண்ட். இரண்டு பத்து லட்சமும் ஒன்றல்ல, அவ்வளவுதான்.

அவருக்குச் சொன்ன கணக்கை இங்கேயும் எழுதுகிறேன். முப்பது வயதில் ஆயிரம் பேர் பாலிசி எடுக்கிறார்கள். நம் நாட்டு இன்சூரன்ஸ் கம்பெனிகள் வைத்திருக்கும் இறப்பு அட்டவணைப்படி அந்த வருஷம் இறப்பவர் சுமார் ஒருவர். அவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்க ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டால் போதும். ஐம்பதை நெருங்கும்போது ஆயிரத்துக்கு நான்கு பேர் இறப்பார்கள், ஆளுக்கு நாலாயிரம் ஆகும். இருபது வருஷத்துக்கும் ஒரே அளவாகப் பிரித்தால் வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்குள் அடங்கிவிடும். மீதி கமிஷன், அலுவலகச் செலவு, லாபம். இதுதான் டெர்ம்.

எண்டோமெண்டில் இறந்தவருக்கு மட்டுமல்ல, உயிரோடு இருக்கும் 960 பேருக்கும் கடைசியில் பத்து லட்சம் தர வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வரும்? அவரவர் கட்டியதிலிருந்துதான். பத்து லட்சத்தை இருபதால் வகுத்துப் பாருங்கள், ஐம்பதாயிரம். அதன்மேல் கம்பெனி சம்பாதிக்கும் வட்டிதான், செலவு போக, போனஸாக வருகிறது. ஆக அந்த ஐம்பதாயிரத்தில் இன்சூரன்ஸ் சிறு துண்டு. மற்றதெல்லாம் சேமிப்பு.

"சரி மாமா, ஆனா டெர்ம்ல கட்டின பணம் திரும்பி வராதே" என்றார் மாப்பிள்ளை. நெய்வேலிக்காரன் நான், சுரங்கத்தைத்தான் உதாரணம் சொன்னேன். நிலக்கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. பம்புகள் இரவும் பகலும் ஓடி அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு தண்ணீர் மேலே வரும். பம்புக்குச் செலவான மின்சாரம் திரும்பி வந்ததா என்று யாரும் கேட்டதில்லை.

நாங்கள் வேலையில் சேர்ந்த காலத்தில் எண்டோமெண்டைத் தவிர வேறு பாலிசி இருப்பதாகவே எங்களுக்குத் தெரியாது. சம்பளத்திலேயே மாதாமாதம் பிடித்துவிடுவார்கள். அதில் ஒரு நன்மையும் உண்டு. கைக்கு வராத பணம் செலவாகாது. அப்படிச் சேர்ந்ததில்தான் எங்களில் பலர் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தோம். டெர்மில் கட்டுவதை நிறுத்தினால் பாலிசி போயிற்று. எண்டோமெண்டில் சில வருஷம் கட்டியிருந்தால் குறைந்த தொகைக்காவது பாலிசி நிற்கும்.

ஆனால் மைன்-1-இல் என்னோடு ஷிஃப்ட் பார்த்த ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. மூன்று எண்டோமெண்ட் பாலிசி வைத்திருந்தார். பிடித்தம் போக இனி ஒன்றுக்கு வழியில்லை என்பார். நாற்பத்திரண்டு வயதில் மாரடைப்பில் போய்விட்டார். மூன்று பாலிசியும் சேர்ந்து போனஸோடு ஒரு லட்சம்கூட வரவில்லை. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கட்டியது குறைவில்லை, ஆனால் கட்டியதில் பெரும்பகுதி முதுமைக்கான சேமிப்பு. அந்த முதுமை அவருக்கு வரவேயில்லை.

மாப்பிள்ளைக்கு அதையும் கணக்காகவே போட்டுக் காட்டினேன். பதினைந்து வருஷம் கட்டியபின் ஒருவர் இறக்கிறார். எண்டோமெண்ட் என்றால், போனஸ் ஆயிரத்துக்கு 45 என்று வைத்துக்கொண்டால், குடும்பத்துக்கு 16 லட்சத்து 75 ஆயிரம். அதே ஐம்பதாயிரத்தில் 3,500-ஐ டெர்முக்குக் கட்டி, 46,500-ஐ வருஷ ஆரம்பத்திலேயே பிபிஎஃப்-இல் போட்டிருந்தால், 7.1 சதவீத வட்டியில் அதுவே பன்னிரண்டரை லட்சம் ஆகியிருக்கும். அதோடு டெர்மின் பத்து லட்சம். மொத்தம் இருபத்திரண்டரை லட்சம். எண்டோமெண்ட் தரும் தொகைக்குள் அவருடைய சேமிப்பும் கலந்திருக்கிறது. தனித்தனியாக வைத்தால் இரண்டும் கிடைக்கும்.

இருபது வருஷமும் உயிரோடு இருந்தால் வித்தியாசம் இவ்வளவு இல்லை. எண்டோமெண்டில் 19 லட்சம், பிபிஎஃப்-இல் இருபதரை லட்சம். வட்டி மாறினால் இதுவும் மாறும். அந்த 46,500-ஐ ஒரு வருஷம்கூடத் தவறாமல் போடும் கட்டுப்பாடு வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

கடைசியாக மாப்பிள்ளையிடம் சொன்னது: விண்ணப்பத்தில் சர்க்கரை, புகைப்பழக்கம், பழைய ஆபரேஷன் எதையும் மறைக்காதீர்கள். மூன்று வருஷத்துக்குள் இறப்பு நேர்ந்தால் கம்பெனி தோண்டிப் பார்க்கும். மூன்று வருஷம் கடந்த பாலிசியைக் கேள்வி கேட்கச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விடாது.

"அப்ப நீங்க ஒரு டெர்ம் எடுங்களேன் மாமா" என்றார். எனக்கு எதற்கு? என் சம்பளத்தை நம்பி இனி யாரும் இல்லை. உங்களை நம்பி என் பேத்தி இருக்கிறாள், நீங்கள் எடுங்கள் என்றேன்.