உடைந்த பாதரசம் யார் கையில் போய்ச் சேருகிறது?

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சிறு கிளினிக்குகளில் பாதரச பி.பி. கருவி போய் டிஜிட்டல் கருவி வந்துவிட்டது. மினமாட்டா உடன்படிக்கையை 2018-ல் ஏற்ற இந்தியா, பாதரச தெர்மாமீட்டர், பி.பி. கருவி உற்பத்தியை நிறுத்த 2025 வரை அவகாசம் பெற்றிருந்தது. ஆனால் உற்பத்தியை நிறுத்துவது வேறு, ஏற்கெனவே அலமாரியில் கிடப்பதைத் திரும்ப எடுப்பது வேறு. இரண்டாவது வேலை யார் தலையில் விழுகிறது என்பதுதான் நம் கேள்வி.

இந்தக் கேள்விக்குக் கொடைக்கானல் ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறது. இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து வெளியேறிய பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி, 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியின் பழைய இரும்புக் கடையில் டன் கணக்கில் கண்டுபிடிக்கப்பட்டது. மக்கள் போராடிய பிறகே ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு நிறுவனத்துடன் உடன்பாடு வர 2016 ஆயிற்று. கழிவுக்கென்று ஒரு வழி வகுக்காவிட்டால், அது பழைய இரும்புக் கடை வழியாகத் தானே ஒரு வழியைத் தேடிக்கொள்ளும்.

சமவெளியிலும் அதே வழிதான், அளவு மட்டும் சிறியது. ஒரு தெர்மாமீட்டரில் சுமார் 1 கிராம் பாதரசம் இருக்கும். ஒரு பி.பி. கருவியிலோ 80 முதல் 100 கிராம். கிளினிக்கைக் காலி செய்யும்போது அதை எடைக்குப் போட்டால், கடையில் அதை உடைத்துப் பிரிப்பவர் முன்னால் நூறு தெர்மாமீட்டர் ஒரே நேரத்தில் உடைந்ததற்குச் சமம். பாதரச ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சில் போனதில் பெரும்பகுதி இரத்தத்தில் கலந்துவிடும். கை நடுக்கம், தூக்கமின்மை, ஈறு வீக்கம், மறதி என்று பின்னால் வரும்போது, அது குடியினாலோ வயதினாலோ என்று சொல்லிவிடுவார்கள்.

கிளினிக்கிலேயே உடைந்தால் துடைப்பத்தோடு அழைக்கப்படுபவர் யார்? நம் மாவட்டங்களில் துப்புரவுப் பணி பெரும்பாலும் அருந்ததியர் தலையில் சுமத்தப்பட்டிருப்பது புதிய செய்தியல்ல. துடைப்பம் பாதரசத்தை எடுக்காது, நூற்றுக்கணக்கான துளிகளாகச் சிதறடித்து ஆவியைத்தான் கூட்டும். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினால் குளோரின் சேர்ந்து வேறு நச்சுச் சேர்மங்கள் உருவாகலாம். மஞ்சள் பையில் போட்டால் எரி உலையில் ஆவியாகிக் காற்றில் கலக்கும். மருத்துவக் கண்ணாடிக்கான நீலக் குறியிட்ட பெட்டியில் போட்டாலும், பிறகு ஆட்டோகிளேவ் சூட்டில் ஆவியாகும். எந்த நிறப் பையும் இதற்கானது அல்ல.

செய்ய வேண்டியது இதுதான். ஆட்களை வெளியேற்றி, மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைத் திறங்கள். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள், ஏனெனில் தங்கத்திலும் வெள்ளியிலும் பாதரசம் ஒட்டிக் கலந்துவிடும். கையுறை போட்டு, இரண்டு அட்டைகளால் துளிகளை ஒன்றாகத் தள்ளி, ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சுங்கள். தரையோடு ஒட்டி டார்ச் அடித்தால் மிச்சத் துளிகள் மின்னும், அவற்றை ஒட்டும் டேப்பால் எடுங்கள். எல்லாவற்றையும் சிறிது தண்ணீர் விட்ட திருகுமூடி பாட்டிலில் அடைத்து, மேலே 'பாதரசம்' என்று எழுதுங்கள். உடையாத பி.பி. கருவியைப் பிரிக்கவே கூடாது. சாய்த்துப் பிடித்து, பாதரசம் முழுவதும் கீழ்க் குப்பிக்குள் திரும்பியதும் பூட்டுத் திருகை மூடி, நிமிர்த்தி வைத்துப் பெட்டியோடு கொடுங்கள்.

யாரிடம் கொடுப்பது? 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள், உடைந்த பாதரச தெர்மாமீட்டரை வீட்டு அபாயக் கழிவு என்று பெயர் சொல்லியே குறித்தன. ஒவ்வொரு 20 சதுர கிலோமீட்டருக்கும் ஒரு சேகரிப்பு மையத்தை உள்ளாட்சி அமைப்பு நிறுவி, அது திறந்திருக்கும் நேரத்தையும் அறிவிக்க வேண்டும் என்றன. சேலம் மாநகராட்சியின் பரப்பு சுமார் 91 சதுர கிலோமீட்டர், ஆக ஐந்து மையங்கள். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி மண்டல அலுவலகங்களில் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த ஐந்தும் எந்தெந்தத் தெருவில் இருக்கின்றன என்பதே.

கிளினிக்குகளுக்குப் பொறுப்பு இன்னும் கூடுதல். படுக்கை இல்லாத கிளினிக்கும் மருத்துவக் கழிவு விதிகளின் கீழ் அனுமதி பெற வேண்டியதே. பாதரசமோ அபாயக் கழிவு விதிகளின்படி, அனுமதி பெற்ற நிறுவனத்திடம் மட்டுமே போக வேண்டும். பழைய கருவி எத்தனை, எங்கே ஒப்படைக்கப்பட்டது என்ற ரசீதைக் காட்டாதவருக்கு அனுமதி இல்லை என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்லட்டும்.

ஒரு நிபந்தனையில் நாம் விட்டுக்கொடுக்க முடியாது. வீடு வீடாக வரும் தூய்மைப் பணியாளரின் வண்டியில் இதைப் போடும் ஏற்பாடு வேண்டாம். கருவியை வைத்திருந்தவரே மூடி, எழுதி, மையம் வரை சுமந்து வரட்டும். பயன் ஒரு கையிலும் நஞ்சு இன்னொரு கையிலும் என்று பிரித்துக் கொடுப்பதற்குச் சாதி என்றுதான் பெயர்.