"பல காரணங்கள்" என்பது ஒரு பதில் ஆகாது



நம் முன்னாள் மாணவர் ஒருவரின் மகள் பி.ஏ. வரலாறு படிக்கிறாள். புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்தது பற்றி எழுதிய அசைன்மெண்ட்டைப் பார்த்துத் தரச் சொல்லி அனுப்பியிருந்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது, தேதிகளும் சரி. ஆனால் கட்டுரையின் மைய வாக்கியம் இதுதான்: "புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்ததற்குப் பல காரணங்கள் உள்ளன, அதில் கீழூர் வாக்கெடுப்பு முக்கியப் பங்கு வகித்தது."

இதில் பிழை எதுவும் இல்லை. அதுதான் இதன் குறை. உலகத்தில் யாரும் இதை மறுக்க மாட்டார்கள். யாரும் மறுக்க முடியாத வாக்கியத்தை நிரூபிக்கப் பத்துப் பக்கம் எதற்கு? பிள்ளைகள் இப்படி எழுதக் காரணம் மொழி தெரியாதது அல்ல என்பது என் கருத்து. எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறோம் என்று அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆகவே வாக்கியத்தை மெருகேற்றுவதை விட்டுவிட்டு, கேள்வியைத் தேடச் சொன்னேன்.

கீழூர் நமக்குத் தூரமில்லை, வில்லியனூர்ப் பக்கம்தான். 1954 அக்டோபர் 18 அன்று அங்கே வாக்களித்தவர்கள் 178 பேர். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. வாக்களித்தவர்கள் பொதுமக்கள் அல்லர். சட்டமன்றத்துக்கும் நகராட்சிகளுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள். 1949இல் சந்திரநாகூரில் மக்களே நேரடியாக வாக்களித்தார்கள். இங்கே ஏன் அப்படி நடக்கவில்லை? இந்த இடத்தில்தான் கேள்வி பிறக்கிறது.

அந்த ஆண்டின் தேதிகளை வரிசையாக எழுதச் சொன்னேன். மார்ச் 18இல் புதுச்சேரிப் பகுதி மேயர்கள் வாக்கெடுப்பே வேண்டாம், நேரடியாக இணைத்துவிடுங்கள் என்று தீர்மானம் போட்டார்கள். மார்ச் மாதக் கடைசியில் நம் பக்கத்து நெட்டப்பாக்கம் பிரெஞ்சு நிர்வாகத்தின் கையை விட்டுப் போனது. ஜூனில் யானம், ஜூலையில் மாஹே. கீழூரில் வாக்குப்பெட்டி வைத்தது இத்தனைக்கும் பிறகு. அப்படியானால் கீழூர் எதைத்தான் தீர்மானித்தது?

அவள் இரண்டாவதாக எழுதியது: "கீழூர் வாக்கெடுப்பு வெறும் நாடகம்." இப்போது மறுக்கலாம், சரிதான். ஆனால் காரம் கூடிவிட்டது. மேசையைத் தட்டிச் சொன்னால் வாதமாகிவிடாது. "மக்கள் சம்மதம் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் கைமாற்றக் கூடாது என்று 1946ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு சொல்கிறதே, சம்மதத்தைக் காட்டாமல் பாரீஸ் எப்படிக் கையெழுத்துப் போடும்?" என்று ஒருவர் கேட்டால் இந்த வாக்கியம் விழுந்துவிடும்.

அந்த எதிர்க்கேள்வியையும் உள்ளே சேர்த்து மூன்றாவதாக எழுதினாள்: "பிரெஞ்சு அரசியலமைப்பின்படி கீழூர் வாக்கெடுப்பு தேவையாக இருந்தாலும், இணைப்பைத் தீர்மானித்தது அது அல்ல, 1954 மார்ச் முதல் ஜூலை வரை உள்ளூர்த் தலைவர்களும் கொம்யூன்களும் பிரெஞ்சு ஆட்சியைக் கைவிட்டதே தீர்மானித்தது. கீழூர் அந்த முடிவுக்குச் சட்ட வடிவம் தந்தது."

இதுதான் மைய வாதம். "இருந்தாலும்" என்ற சொல் எதிர்த்தரப்புக்கு இடம் கொடுக்கிறது. "மார்ச் முதல் ஜூலை வரை" என்பது வேலி போடுகிறது. டூப்ளே காலத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. கட்டுரையின் பகுதிகளும் தாமாகவே வரிசைக்கு வந்துவிடுகின்றன: சட்டத் தேவை, கொம்யூன்கள் கைமாறியது, கீழூர், பிறகு நவம்பர் 1 நிர்வாக மாற்றம். 1936 ஜூலை 30 ஆலைத் தொழிலாளர் மீதான துப்பாக்கிச் சூட்டுக்கு அவள் மூன்று பக்கம் ஒதுக்கியிருந்தாள். மனதை உலுக்கும் நிகழ்ச்சிதான், ஆனால் இந்த வாதத்துக்கு அது நேரடியாக உதவவில்லை. பின்னணியில் ஒரு பத்தி போதும். எதை வெட்டுவது என்று சொல்லத் தெரியாத மைய வாக்கியம் இன்னும் மங்கலாகவே இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு சோதனையும் உண்டு: எந்தச் சான்று கிடைத்தால் இது பொய்யாகும்? கொம்யூன்கள் கைமாறிய பிறகும் பிரான்சு விட்டுக்கொடுக்க மறுத்தது, கீழூர் முடிவைப் பார்த்தே மனம் மாறியது என்று ஆவணம் கிடைத்தால் அவள் வாதம் தோற்கும். தோற்கக்கூடிய வாதம்தான் வாதம்.

"சார், பரீட்சையில் பொதுவாக எழுதினால்தானே மார்க் பத்திரம்?" என்று பெற்றோர் கேட்பது காதில் விழுகிறது. ஐந்து மார்க் கேள்விக்குப் பத்திரம்தான். ஆய்வுக் கட்டுரையில் அது ஒளிந்துகொள்ளும் இடம். நம் ஊரில் ஆகஸ்ட் 15க்கு மறுநாளும் விடுமுறை விடுகிறோம். 1962இல் சட்டப்படியான மாற்றம் நடந்த நாள் அது. நவம்பர் 1, ஆகஸ்ட் 16 இரண்டில் எது உண்மையான இணைப்பு நாள் என்று வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள். "இரண்டும் முக்கியம்" என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். பதிலைக் கீழே எழுதுங்கள், படிக்கிறேன்.