ஈ.பி. மீட்டர எண்ணினாரா வேல்யுயர்?

நம்ம ஊர்ல சர்வேயர்னா சங்கிலி பிடிச்சு எல்லை அளக்கிறவர். வேல்யுயர் வேற ஆளு. இடத்தையும் கட்டடத்தையும் பார்த்து இன்ன விலை பெறும்னு எழுதி, கையெழுத்து போட்டு சீல் வைக்கிறவர். இந்தப் பதிவு அந்தக் கையெழுத்தைப் பத்தி.

முன்னெல்லாம் இவங்களுக்கு முக்கியமான பதிவு 1957ம் வருஷ சொத்துவரிச் சட்டத்தோட 34ஏபி பிரிவுதான். 2017ல கம்பெனிகள் சட்டத்துக்குக் கீழ புது விதிகள் வந்துச்சு. நிலம்-கட்டடப் பிரிவுக்கு சிவில், ஆர்க்கிடெக்சர் மாதிரி ஒரு டிகிரி வேணும். இளநிலைன்னா அதுக்கப்புறம் 5 வருஷ அனுபவம். அங்கீகாரம் பெற்ற வேல்யுயர் அமைப்புல சேர்ந்து 50 மணி நேர கோர்ஸ், அப்புறம் ஐபிபிஐ நடத்துற கம்ப்யூட்டர் பரிட்சை. 60 சதவீதம் எடுக்கணும், தப்பான விடைக்கு மார்க் கழியும். ஒரு விஷயம் கவனிங்க. இந்தப் பதிவைக் கட்டாயமா கேக்குறது கம்பெனி, திவால் வழக்கு மாதிரி மதிப்பீடுகளுக்குத்தான். நீங்களும் நானும் வாங்குற ஹோம் லோனுக்கு பேங்க் தன்னோட பேனல்ல யாரைச் சேர்த்திருக்கோ அவர்தான் வருவார்.

சரி, வந்தவர் என்ன பண்றார்? கோடம்பாக்கத்துல ஒரு உள் தெருவுல 30 வருஷப் பழைய ஃப்ளாட்னு வச்சுக்குவோம் (எண்கள் என் கற்பனை, முறை நிஜம்). ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி இடத்துல ஆறு ஃப்ளாட். ஆளுக்கு 400 அடி யுடிஎஸ், அதான் பிரிக்காத மனைப்பங்கு. சதுர அடி 12,000ன்னா மண்ணு மட்டும் 48 லட்சம். கட்டடம் 700 அடி, இன்னிக்குப் புதுசாக் கட்ட அடிக்கு 2,200, ஆக 15.4 லட்சம். ஆயுசு 60 வருஷம், கடைசில மிஞ்சுறது 10 சதவீதம்னு வச்சா 30 வருஷத் தேய்மானம் 45 சதவீதம். மிச்சம் 8.47 லட்சம். மொத்தம் சுமாரா 56 லட்சத்து 47 ஆயிரம். பழைய ஃப்ளாட்னா நாம வாங்குறது பெரும்பாலும் மண்ணைத்தான்னு புரியுதா?

இப்ப புரோக்கர் போன் பண்றார். "சார், ஒரு 70 வர்ற மாதிரி பாத்துக்குங்க." ஒப்பந்தத்துலயும் 70ன்னே எழுதிடுவாங்க. இந்த அளவு லோனுக்கு மதிப்புல 80 சதவீதம் வரைக்கும் பேங்க் தரலாம். 70ல 80 சதவீதம் 56 லட்சம். அதாவது சொத்தோட கிட்டத்தட்ட முழு விலையும் லோனாவே வந்துடும், விலையில வாங்குறவர் கையில இருந்து பெரிசா ஒண்ணும் போகாது. தவணை நின்னா பேங்குக்கு மிச்சம் ஒண்ணுமில்லை. இந்த மாதிரி ரிப்போர்ட்டுக்கு "வசதிக்கேத்த மதிப்பீடு"ன்னு 2017 விதிகளோட நடத்தை நெறியிலேயே பேர் இருக்கு, கூடாதுன்னும் இருக்கு. மதிப்பு இவ்ளோ வந்தா இவ்ளோ ஃபீஸ்னு வாங்குறதும் கூடாது.

ஆனா எனக்கு இதை விடப் பெரிசாப் படுறது வேற. அதே கட்டடத்துல மொட்டை மாடியில ஏழாவதா ஒரு வீடு கட்டி, அதுக்கும் 400 அடின்னு பத்திரம் பதிஞ்சிருந்தா? ஏழு நானூறு 2800. இடமோ 2400தான். ஆறு பேருக்கு வித்ததுலயே மண்ணு முடிஞ்சுபோச்சு. ஏழாவது ஆளுக்குப் பத்திரத்துல 400 இருக்கு, தரையில பூஜ்யம். 48 லட்சம் காத்துல.

வக்கீல் கேட்டா என் வேலை அந்த ஃப்ளாட்டோட பத்திரத் தொடர்ச்சின்னுவார், அது சரியாத்தான் இருக்கும். வேல்யுயர் கேட்டா டைட்டில் என் வேலை இல்லைன்னு கடைசிப் பக்கத்துல ஒரு வரி போட்டிருப்பார். நடுவுல விழுந்துபோறது இந்தக் கூட்டல் கணக்கு. என்னைக் கேட்டா இது வேல்யுயர் வேலைதான். 400 அடியை விலையால பெருக்கினவர், அந்த 400 அடி இருக்கான்னு பாக்க வேணாமா? மொத்த மனைக்கும், கட்ட ஆரம்பிச்ச வருஷத்துல இருந்து வில்லங்கம் போட்டு யுடிஎஸ்ஸை எல்லாம் கூட்டினா அரை மணி நேர வேலை. அதுகூட வேணாம், கீழ படிக்கட்டுக்கிட்ட ஈ.பி. மீட்டர எண்ணலாம். ஆறு வீடு, மோட்டாருக்கு ஒண்ணு, ஆக ஏழு. எட்டு இருந்தா அப்ரூவ்ட் பிளானைக் கேக்கணும். நேர்ல போகாம போட்டோவை வச்சு எழுதுறவருக்கு இது தெரியவே தெரியாது :)

தப்பு நடந்தா ஜெயிலான்னு நண்பர் கேட்டார். கம்பெனிச் சட்ட மதிப்பீட்டுல ஏமாத்தணும்னே செஞ்சா ஒரு வருஷம் வரைக்கும் சிறை, 1 லட்சத்துல இருந்து 5 லட்சம் வரைக்கும் அபராதம். பேங்க் விஷயத்துல, பேனல் வக்கீல் ஒருத்தர் மேல போட்ட வழக்கை உயர்நீதிமன்றம் ரத்து பண்ணினதை 2012ல உச்சநீதிமன்றம் உறுதி செஞ்சுச்சு. கருத்து தப்பாப் போனது மட்டும் போதாது, கூட்டுச் சதியில இருந்ததுக்கு ஆதாரம் வேணும்னாங்க. வேல்யுயர் தரப்பும் இதைத்தான் பிடிச்சுக்குவாங்க. அப்ப, நான் இந்தத் தேதில போனேன், இதைப் பாத்தேன், இதைப் பாக்கலைன்னு ரிப்போர்ட்ல எழுதி வச்சவருக்கு அதுவே கவசம்.

அதனால ரிப்போர்ட் நகல் கைக்கு வந்தா மதிப்பு எவ்ளோன்னு முதல் பக்கத்தை மட்டும் பாக்காதீங்க. போன தேதி, பிளான் நம்பர், யுடிஎஸ் எந்தப் பத்திரத்துல இருந்து எடுத்தது, இந்த மூணையும் தேடுங்க. இல்லைன்னா போன் போட்டுக் கேளுங்க, ஃபீஸ் கட்டினது நீங்கதானே.