ஹட்டன்ல வந்து "பிளஸ் டூ முடிச்சிட்டீங்களா?"ன்னு கேட்காதீங்க

"பிளஸ் டூ முடிச்சிட்டீங்களா?" ஹட்டன் டவுனில் நடக்கும் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பின் பேஸ்புக் வீடியோ இப்படித்தான் தொடங்கியது. எங்க ஊரில் ஓ.எல். இருக்கு, ஏ.எல். இருக்கு. பிளஸ் டூ எங்கே இருக்கு?

விளம்பரத்தின் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, Why am I seeing this ad? என்பதைத் திறந்து பார்த்தோம். வயது 16 முதல் 24, இடம் ஹட்டன், மொழி தமிழ், விருப்பம் தமிழ் சினிமா. எங்களைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, வேறு யாரிடமோ பேசியிருக்கிறார்கள். பெட்டிகளை நிரப்புவது ஒருவர் வேலை, ஸ்கிரிப்ட் எழுதுவது இன்னொருவர் வேலை என்று பிரித்ததுதான் இங்கே தவறு. இரண்டும் ஒரே முடிவு என்கிறோம்.

முதலில் இடம். ஹட்டனைச் சுற்றி 17 கிலோமீட்டர் வட்டம் போட்டால் தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை எல்லாம் உள்ளே வரும். சிவனொளிபாதமலையும் வரும். பேஸ்புக் இடத்தைக் கணக்கிடுவது living in or recently in என்று. அங்கே வாழ்பவரும் அண்மையில் வந்து போனவரும் அதற்கு ஒன்றுதான். டிசம்பர் முதல் மே வரையான யாத்திரைக் காலத்தில் நாடெங்கிலும் இருந்து வருபவர்கள் அந்த வட்டத்துக்குள் விழுவார்கள். ஆனால் கொட்டாஞ்சேனையில் கடையில் நிற்கும் எங்க பொடியன் விழமாட்டான். வட்டத்தால் இவர்களைப் பிரிக்க முடியாது, வீடியோவின் முதல் வரியால் முடியும். "மஸ்கெலியா கடைசி பஸ்ஸுக்கு முன்னாடி வகுப்பு முடிஞ்சிரும்" என்று தொடங்கிப் பாருங்க. யாத்திரிகர் தள்ளிவிட்டுப் போவார், மஸ்கெலியாப் பிள்ளை நிற்கும். வட்டம் நேர்கோட்டில் அளக்கிறது, நாங்க வளைந்து வளைந்து பஸ்ஸில் வர்றோம். வகுப்புக்கு வருவதா இல்லையா என்பதை அந்த பஸ்தான் தீர்மானிக்குது.

அடுத்து விருப்பம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை விருப்பத்தை வைத்துக் குறிவைப்பதை மெட்டா 2021இலேயே நிறுத்திவிட்டது. 2023 பெப்ரவரியில் பால் அடிப்படையும் போனது. மிச்சம் வயதும் இடமும் மட்டும்தான். அப்படியென்றால் 16, 17 வயதுக்காரருக்கு "தமிழ் சினிமா" என்ற பெட்டி வேலையே செய்யாது. பெட்டி செய்யாததை ஸ்கிரிப்ட்தான் செய்யணும். மற்றவர்களுக்கும், ஒரு நடிகரின் பக்கத்தை லைக் பண்ணினதாலேயே படிப்பைப் பற்றியும் பஞ்ச் டயலாக்கில் கேட்க ஆசைப்படுவோம் என்று யார் சொன்னது?

வயதில்தான் பெரிய சறுக்கல். மலையகம் என்றதும் கொழுந்துக்கூடையையும் தப்பையும் காட்டிவிடுகிறார்கள். 20 வயதில் ஏ.எல். ரிசல்ட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு அது சுற்றுலா போஸ்டர். அவர் மனசில் ஓடுவது, "கொழும்புக்குக் கடைக்குப் போறதா, இங்கயே ஏதாச்சும் படிக்கிறதா?" என்ற கேள்வி. அதையே முதல் வரியாக வைக்கலாமே. காசு கட்டப்போகிற அம்மாவிடம் பேசணும் என்றால் அது வேற வீடியோ. "இந்த மாசம் எத்தனை பேர், எத்தனை அரைப்பேர்" என்று எண்ணுகிறவரிடம், கட்டணத்தைச் சம்பளத்துக்குப் பிறகு தவணையாகக் கட்டலாமா என்பதைத்தான் முதலில் சொல்லணும். இன்னொன்று: வயது 40க்கு மேல் என்று போட்டால் அந்த அம்மா கிடைக்காமலே போகலாம். பல லயங்களில் அம்மா பார்ப்பது மகனின் போனை, மகனின் கணக்கில். அப்போ வயதுப் பெட்டியை மகனுக்குப் போட்டு, "அம்மாகிட்டயும் இதைக் காட்டு" என்று எழுதுங்க.

"ஒரே வீடியோ போதும், யாருக்குக் காட்டுறதுன்னு சிஸ்டம் பார்த்துக்கும்" என்பார்கள். செலவு குறையும் என்பது உண்மை. புதிய Advantage+ முறையில் நீங்கள் போடும் விருப்பத்தை அது வெறும் யோசனையாகத்தான் எடுத்துக்கொள்கிறது என்பதும் உண்மை. ஆனால் கிளிக்கை இலக்காகக் கொடுத்தால் அது கிளிக் பண்ணுகிறவரைத் தேடிப் போகும். சினிமா டப்பிங்கைக் கொடுத்தால் சினிமா ரசிகர்தான் வருவார், வகுப்புக்கு ஆள் வராது. கிளிக் நிறைய, வாட்ஸ்அப்பில் கேள்வி கொஞ்சம், அந்தக் கேள்வியும் "எங்க இருக்கு?" என்பதாகவே இருந்தால், ஸ்கிரிப்ட் தவறான ஆளிடம் பேசியிருக்கு என்று அர்த்தம்.

மலையகத் தமிழர் என்று ஒரு பெட்டி கிடையாது. இனத்தைச் சுட்டும் தெரிவுகளை மெட்டா 2022 ஜனவரியில் எடுத்துவிட்டது. அது இருக்கணும் என்றும் நாங்க கேட்கவில்லை, தப்பான கைக்குப் போனால் அதுவே ஆபத்து. ஆகவே எங்களை அடையாளம் காண உங்களிடம் மிச்சமிருப்பது பேச்சு ஒன்றுதான். அதையும் சென்னையிலிருந்து கடன் வாங்கி வந்தால், காசு கொடுத்து எங்க போனுக்குள் வந்தும் நீங்க எங்களைச் சந்திக்கவே இல்லை.