குறியை மனப்பாடம் செய்யவேண்டாம், திசையைக் கவனிப்போம்

சிராங்கூன் சாலையில் தேக்கா நிலையத்தின் அருகே நிற்கிறீர்கள். ஆம்புலன்ஸ் ஒன்று உங்களைக் கடந்து போகிறது. அதுவரை உயர்ந்திருந்த சைரனின் சுருதி சட்டெனத் தாழ்கிறது. இதுதான் டாப்ளர் விளைவு. இதை விளக்கச் சொன்னால் நம்மில் பலர் நன்றாகவே விளக்குவோம். கணக்குப் போடும்போதுதான் கூட்டல் குறியா, கழித்தல் குறியா என்று தடுமாறுவோம். நானும் அப்படித்தான் நான்கு சூத்திரங்களை மனப்பாடம் செய்து, தேர்வில் அவற்றைக் குழப்பிக்கொண்டேன்.

உண்மையில் நினைவில் வைக்கவேண்டியவை இரண்டே செய்திகள். ஒலி மூலம் நகர்ந்தால் அலைநீளம் மாறும். கேட்பவர் நகர்ந்தால், அலைகளை அவர் சந்திக்கும் வேகம் மாறும்.

சைரன் ஏறி இறங்கி ஒலிக்கும் என்பதால், அதில் 700 ஹெர்ட்ஸ் கொண்ட ஓர் ஓசையை மட்டும் எடுத்துக்கொள்வோம். நம் ஊர் வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் செல்லும். வண்டி நின்றால் அலைநீளம் 350 ÷ 700, அதாவது 0.5 மீட்டர். வண்டி வினாடிக்கு 14 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் நேராக நம்மை நோக்கி வந்தால், அந்த 700 அலைகளும் 336 மீட்டருக்குள் அடங்கவேண்டும். அலைநீளம் 0.48 மீட்டராகக் குறைகிறது. நமக்குக் கேட்பது 350 ÷ 0.48, அதாவது 729 ஹெர்ட்ஸ். விலகிச் செல்லும்போது அலைநீளம் 0.52 மீட்டர், கேட்பது 673 ஹெர்ட்ஸ். இந்த இறக்கம் கர்நாடக இசையின் ஒரு சுரத்தானத்தைவிடச் சற்று அதிகம். 1845ல் நெதர்லாந்தில் பாய்ஸ் பாலட் ரயிலில் எக்காளம் ஊதச் செய்து, இசைக் கலைஞர்களின் காதுகளைக் கொண்டே இந்த விளைவைச் சோதித்தார்.

இப்போது வண்டி நிற்க, நாம் அதே வேகத்தில் அதை நோக்கிப் போகிறோம் என்று வையுங்கள். அலைநீளம் 0.5 மீட்டராகவே இருக்கும். ஆனால் அலைகளை வினாடிக்கு 364 மீட்டர் வேகத்தில் சந்திப்பதால் 728 ஹெர்ட்ஸ் கேட்கும். 729 இல்லை. காற்றைப் பொறுத்து யார் நகர்கிறார் என்பதே இந்தச் சிறு வேறுபாட்டுக்குக் காரணம்.

இரண்டையும் சேர்த்தால் ஒரே சூத்திரம் போதும்:

f′ = f (v + vL) / (v + vS)

இதில் v ஒலியின் வேகம், vL கேட்பவரின் திசைவேகம், vS ஒலி மூலத்தின் திசைவேகம். கேட்பவரிடமிருந்து மூலத்தை நோக்கிய திசையே நேர்த்திசை. சில நூல்கள் எதிர்த்திசையை நேர்த்திசையாகக் கொண்டு, இரண்டு இடங்களிலும் கழித்தல் குறி போடும். இரண்டும் சரியே. இரண்டையும் கலப்பதுதான் பிழை.

பிழையைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. ஆம்புலன்சுக்குப் பின்னால் அதே 14 மீட்டர் வேகத்தில் நீங்கள் பேருந்தில் செல்கிறீர்கள். இடைவெளி மாறவில்லை, எனவே சுருதியும் மாறக்கூடாது. இருவரும் நேர்த்திசையிலேயே செல்வதால் 364/364, விடை 700 ஹெர்ட்ஸ். கீழே தவறுதலாகக் கழித்தல் போட்டிருந்தால் 758 வந்திருக்கும். அடுத்த முறை குறியில் சந்தேகம் வந்தால், முதலில் இந்தப் பேருந்தில் ஏறிப் பாருங்கள்.