பிளஸ் டூவும் பந்தும்

ஜூன் மாதம் பிளஸ் டூ வகுப்பு தொடங்கியதுமே பல வீடுகளில் கபடி உடையும் வாலிபால் காலணியும் பரணுக்குப் போய்விடுகின்றன. பொதுத்தேர்வோ மார்ச்சில்தான்!

பள்ளி விளையாட்டுப் போட்டிகள் குறுவட்டத்தில் தொடங்கி, வருவாய் மாவட்டம் வழியாக மாநிலம் வரை செல்கின்றன. பெரும்பாலான அணிகளின் பயணம் முதல் கட்டத்திலேயே, கல்வியாண்டின் முற்பாதியில் முடிந்துவிடும். அந்தச் சில வாரங்களுக்காக மாணவரை அணியிலிருந்து விலக்குவதில் மதிப்பெண் லாபம் பெரிதாக இருக்காது. மாலையில் ஒரு மணி நேரப் பயிற்சி போதும். வார இறுதி படிப்புக்கு.

மாநிலப் போட்டிவரை செல்லும் மாணவரின் கணக்கு வேறு. அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது வெளியூர்ப் பயணமும் வரலாம். செய்முறை வகுப்புகளைத் தவறவிட்டால் ஈடுசெய்வது கடினம். ஆனால் தமிழகப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உள்ளன. குறுவட்டச் சான்றிதழை மட்டும் நம்பி அங்கே போனால் ஏமாற்றமே மிஞ்சும். போட்டியின் நிலை உயர உயரத்தான் தரவரிசையில் மதிப்பு.

எனவே பெற்றோர் முதலில் உடற்கல்வி ஆசிரியரிடம், பிள்ளை எந்தக் கட்டம்வரை போகக்கூடும் என்று கேட்கட்டும். பள்ளிகளும் உடற்கல்விப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியருக்குத் தாரை வார்ப்பதை நிறுத்தி, போட்டிக்குச் சென்றவருக்குத் தவறிய செய்முறையை மறுவாரமே நடத்தித் தர வேண்டும்.